அறுபது நாள் கேட்ட கடிதம்

மந்தாரக்குப்பம் கடைவீதியில் எழுநூறு என்று ஒருவன் விலை சொன்னால் ஐந்நூறு என்று அர்த்தம். முந்நூறுக்குத் தருவாயா என்று வாங்க வந்தவன் கேட்டால் ஐந்நூறுக்கு நானும் தயார் என்று அர்த்தம். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கத்திவிட்டு, டீ குடித்துவிட்டு, அந்த ஐந்நூறில் வந்து நிற்பார்கள். சொன்னவனுக்கும் கேட்டவனுக்கும் முன்பே தெரிந்த விஷயம் எப்படிப் பொய்யாகும் என்பது குமரவேலின் வாதம். அந்த வீதியில் அப்பாவின் துணிக்கடையில் கால் சட்டை போட்ட வயதில் உட்கார்ந்தவர் அவர். ஐம்பது வயதுவரை அந்த வாதம் அவரை ஒருநாளும் கைவிட்டதில்லை.

துணிக்கடை இப்போது சேஃப்டி சாமான் கடை. பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் எடுத்தவர்களுக்கு ஹெல்மெட், ஷூ, கிளவுஸ், பளபளக்கும் பச்சைச் சட்டை எல்லாம் குமரவேல் கொடுப்பார். காண்ட்ராக்டர்கள் வாங்கும்போது அவசரமாக வாங்குவார்கள். காசு கொடுக்கும்போது மட்டும் அவர்களுக்கு உலகத்தில் உள்ள பொறுமையெல்லாம் வந்துவிடும். பில் பாஸ் ஆகவில்லை, அளவெடுக்க ஆள் வரவில்லை, கையெழுத்துப் போடுகிறவர் லீவு. முன்பெல்லாம் ஒன்றரை மாதத்தில் வந்த காசு இப்போது இரண்டரை மாதம் ஆனது. போதாக்குறைக்கு ஜி.எஸ்.டி. வந்துவிட்டது. காசு வந்தாலும் வராவிட்டாலும், பில் போட்டால் அடுத்த மாதம் இருபதாம் தேதிக்குள் வரியைக் கட்டியாக வேண்டும்.

இந்தப் பக்கம் இப்படி என்றால், அந்தப் பக்கம் மாணிக்கம்மாள். மேல்பட்டாம்பாக்கத்தில் கிளவுஸ் தைக்கும் யூனிட் நடத்துகிறவர். உள்ளங்கையில் தோலும் மேலே கேன்வாஸும் வைத்துத் தைத்த, முரட்டு வேலைக்கான கிளவுஸ். குமரவேலின் கடைப் பெயர் போட்ட லேபிளை மணிக்கட்டில் வைத்துத் தைத்துத் தருவார். சரக்கு வந்தபின் காசு கொடுக்கத் தவணை முப்பது நாள். முப்பத்தோராம் நாள் காலையில் போன் வரும். அதட்டல் இருக்காது. "அண்ணே, சாப்டீங்களா?" என்று மட்டும்தான் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பிறகு குமரவேலுக்கு இட்லி இறங்காது.

2018 தீபாவளி முடிந்ததும் குமரவேல் போனில் மெல்ல ஆரம்பித்தார். "தவணைய கொஞ்சம் நீட்டிக் குடுத்தீங்கன்னா…"

"எழுதிக் குடுங்கண்ணே," என்றார் மாணிக்கம்மாள். "எத்தினி நாள் வேணும், ஆறு மாசத்துக்கு எவ்ளோ சரக்கு எடுப்பீங்க, மாசா மாசம் போட்டுக் குடுங்க. நீங்க நாள நீட்டுனா நான் பேங்க்ல கடன் லிமிட்ட நீட்டணும். அங்க வெறுங்கைய வெச்சிக்கினு போயி நிக்க முடியாது."

நியாயமான பேச்சு. குமரவேல் கடைக் கணக்குப் பார்க்கும் சத்யாவைக் கூப்பிட்டு உட்கார்த்தினார். சத்யாவின் கணவருக்கு அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் வேலை. அவர் ஷிப்டைப் பொறுத்து இவள் கடைக்கு வரும் நேரமும் மாறும். தட்டச்சில் கை வேகம், வாய் அதைவிட வேகம்.

"எத்தனை நாள் சார் போடட்டும்?"

"அறுபது."

"சின்ன யூனிட்டுக்கு நாப்பத்தஞ்சு நாளுக்கு மேல இழுக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு சார்."

"அதான்மா அறுபது கேக்கறேன். அவங்க வெட்டி நாப்பத்தஞ்சுல கொண்டாந்து நிறுத்துவாங்க. சட்டத்துக்கும் சந்தோசம், எனக்கும் சந்தோசம்."

"சரக்கு? இப்ப மாசம் மூவாயிரம் ஜோடி எடுக்கறோம்."

"ஆறாயிரம்."

சத்யா விரலை எடுத்துவிட்டாள். "மீதி மூவாயிரத்தை யாரு சார் போட்டுக்கறது? நீங்களும் நானுமா?"

ரெண்டு புதுக் காண்ட்ராக்ட் வருகிறது, இரண்டிலும் விலை கொடுத்திருக்கிறேன் என்றார் குமரவேல். அது உண்மை. அதில் ஒன்று போன வாரமே சென்னைக் கம்பெனி ஒன்றுக்குப் போய்விட்டது என்பதும் உண்மை. அதை அவர் சத்யாவிடம் சொல்லவில்லை. இன்னொன்று இன்னும் பேச்சில்தான் இருந்தது.

"அவங்க பாதியா வெட்டித்தான் எடுத்துக்குவாங்க. நான் மூவாயிரம்னு எழுதுனா ஆயிரத்தைநூறுன்னு நெனைப்பாங்க. அப்புறம் யாரு தவண குடுப்பா?"

இந்த இடத்தில்தான் குமரவேல் தன் கைவண்ணத்தைக் காட்டினார். எல்லா மாதத்துக்கும் ஆறாயிரம் என்று போட்டால் அது பொய் என்று ஊருக்கே நாறும். ஆகவே ஜனவரி 6,240. பிப்ரவரி 5,870. மார்ச் 6,310. ஒரு மாதமாவது இறங்கினால்தான் மற்ற மாதங்களின் ஏற்றத்தை நம்புவார்கள் என்று ஏப்ரலை 3,900-க்கு இறக்கினார். எதற்கு ஏப்ரல் என்று அவருக்கே தெரியாது. விரல் அங்கே போனது. மே, ஜூன் மறுபடி மேலே. கடைசியில் சத்யா ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னாள், அலுவலகக் கடிதங்களில் அப்படித்தான் வரும் என்று: "மேற்கண்ட அளவுக்கேற்ப தாமதமின்றி வழங்க ஏதுவாக, சரக்கைக் கையிருப்பில் வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்." வாசிக்க எடுப்பாக இருந்தது. குமரவேல் கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பை ஊதி ஊதிக் குத்தினார்.

இரண்டாம் நாள் மாணிக்கம்மாள் போன் செய்தார். ஒரே ஒரு கேள்வி.

"ஏப்ரல்ல ஏண்ணே எறங்குது?"

குமரவேலுக்குப் பேரம் என்றால் மூளை தனியாக வேலை செய்யும். "மார்ச்சோட காண்ட்ராக்ட் வருஷம் முடியுதும்மா. புது ஒர்க் ஆர்டர் கைக்கு வர ஒரு மாசம் ஆயிடும்."

"ஓ. சரிங்கண்ணே. அப்ப ஆறு மாசத்துக்கும் அறுபது நாளே வெச்சிக்குங்க."

போனை வைத்ததும் அவருக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டால் கடைவீதிக்காரனுக்கு அன்றைக்குத் தூக்கம் கெட்டது. எழுபத்தைந்து கேட்டிருக்கலாமோ என்ற குடைச்சல் சாயங்காலம்வரை இருந்தது.

ஜனவரியில் மூவாயிரம் ஜோடி எடுத்தார். பிப்ரவரியில் மூவாயிரத்துச் சொச்சம். பேச்சில் இருந்த காண்ட்ராக்ட் பேச்சிலேயே இருந்தது. நடுவில் மாணிக்கம்மாள் இரண்டு தடவை போன் செய்து, "மீதி ஆர்டரு எப்பண்ணே?" என்றார். "வந்துகினே இருக்குதும்மா" என்றார் இவர். எங்கிருந்து, எந்த வண்டியில் என்று சொல்லவில்லை. அந்த அம்மா எப்படியும் பாதியாக வெட்டித்தான் வைத்திருப்பார், சும்மா வாயைக் கிளறிப் பார்க்கிறார் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மார்ச் முதல் வாரம் ஒரு காண்ட்ராக்டருக்கு சைட்டில் பாதுகாப்பு சோதனை வந்தது. ஆட்கள் வெறுங்கையோடு நிற்கிறார்கள், இன்றைக்கே கிளவுஸ் வேண்டும் என்று அலறினார். குமரவேல் சின்ன யானை என்கிற குட்டி லாரி ஒன்றைப் பிடித்து, வடலூர், பண்ருட்டி வழியாக மேல்பட்டாம்பாக்கத்துக்குத் தானே போனார். இத்தனை வருஷ வியாபாரத்தில் அவர் அந்த யூனிட்டுக்குப் போவது அது இரண்டாவது முறை. சரக்குதான் வந்துவிடுமே, மனிதர் எதற்கு என்று இருந்துவிட்டார்.

தகரக் கூரை போட்ட கூடம். முன்பு பார்த்தபோது ஆறு மெஷின் இருந்ததாக ஞாபகம். இப்போது எட்டு. புதிதாக வந்த இரண்டிலும் பெயின்ட்டின் பளபளப்பு போகவில்லை. ஆனால் அவரை நிறுத்தியது மெஷின் இல்லை. பின்சுவரை மறைத்து, கூரைக்கு ஒரு முழம் கீழே வரைக்கும், கட்டுக் கட்டாகக் கிளவுஸ். ஒவ்வொரு கட்டிலும் அவருடைய கடைப் பெயர். நிமிர்ந்து பார்த்தால் தன் பெயரே நூற்றுக்கணக்கான கைகளை நீட்டிக்கொண்டு நிற்பது மாதிரி இருந்தது.

பக்கத்துச் சுவரில் கரும்பலகை. ஜனவரி 6,240. பிப்ரவரி 5,870. சாக்பீஸில், கொட்டை எழுத்தில், அவர் விரல்போன போக்கில் போட்ட எண்கள் ஒன்றுகூடப் பிசகாமல் நின்றன.

"வாங்கண்ணே," என்று மாணிக்கம்மாள் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். நாற்பது வயதிருக்கும், கழுத்தில் தொங்கும் டேப்பைக் கழற்றாமலே பேசுவார். "நானே வரணும்னு இருந்தேன். எங்க, மெஷின வுட்டு நவர முடியல."

"இவ்ளோ சரக்கா தெச்சி வெச்சிருக்கீங்க?"

"ஸ்டாக்கு வையின்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க. திடீர்னு ஆறாயிரம் கேட்டா திடீர்னு தெக்க முடியுமா? வாணியம்பாடிக்காரரு தோலுக்குக் கடனே குடுக்கமாட்டாரு, ரொக்கந்தான். அதுக்குத்தான் பேங்க்ல லிமிட்ட ஒசத்தி வாங்குனேன். உங்க லெட்டரப் பாத்துட்டுத்தான் குடுத்தாங்க."

குமரவேல் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டார். கடைவீதி முழுக்கச் சேர்ந்து அவர் வாய் வழியாகக் கேட்டது.

"நான் எழுதுனத அப்படியே எடுத்துக்கினீங்களா? பாதியா வெட்டிப் பாக்கல?"

மாணிக்கம்மாளுக்குக் கேள்வி புரிய ஒரு நிமிஷம் ஆனது. "எதுக்குண்ணே வெட்டணும்? கையெழுத்துப் போட்டு சீலு குத்தியிருக்கீங்க. நீங்க அறுபது நாள் கேட்டீங்க, அத நான் முப்பதா வெட்டுனேனா?"

குமரவேல் தண்ணீர் கேட்டார். கொண்டு வந்தது அன்புக்கரசி என்று, அங்கே மூத்த தையல்காரி. சொம்பைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அண்ணே, பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன். சித்திர பொறந்ததும், மொத முகூர்த்தம். நீங்க அண்ணியக் கூப்ட்டுகினு வரணும்."

"நல்ல விஷயம்மா. வந்துட்டாப் போச்சு."

"உங்களாலதான் தேதியே குறிச்சோம்," என்றாள் அவள் சிரித்துக்கொண்டு. "மாப்ள வூட்டுல மாசியிலயே வையின்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. நான்தான், பிப்ரவரி மார்ச்சுல தலைக்கு மேல வேல, ஓவர்டைம் வரும், அந்தக் காசு கைக்கு வரட்டும், ஏப்ரல்ல வேல கொறைவுன்னு கம்பெனி லெட்டர்லயே போட்டிருக்குதுன்னு சொன்னேன். இங்க எல்லாரும் லீவு கூட ஏப்ரலுக்குத்தான் சொல்லி வெச்சிருக்காங்க."

சொம்பில் தண்ணீர் இருந்தது. குமரவேல் அதைக் கீழே வைத்தார். கோயில் ஐயர் பார்க்க வேண்டிய தேதியை, சத்யாவின் மேசையில் உட்கார்ந்து, மேடு பள்ளம் இருந்தால் பார்க்க அழகாயிருக்கும் என்று தான் குறித்துக் கொடுத்திருக்கிறோம் என்பது அவருக்கு மெதுவாக ஏறியது. ஆறாயிரத்தை யாராவது பாதியாக வெட்டலாம். ஒரு கல்யாணத் தேதியை எப்படி வெட்டுவது?

"ஓவர்டைம் வந்துச்சாம்மா?" என்று கேட்டார். குரல் யாருடையதோ போல இருந்தது.

"ஜனவரியில வந்துது. அப்புறம் அக்கா நிறுத்திட்டாங்க, வெச்ச சரக்கு போவட்டும்னு. இந்த மாசம் வந்துருமில்ல?"

அவள் மெஷினுக்குப் போனதும், மாணிக்கம்மாள் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து வைத்தார்.

"நான் வரணும்னு இருந்தது இதுக்குத்தாண்ணே. மாசா மாசம் ஸ்டாக்கு கணக்கு பேங்க்குக்குக் குடுக்கறேன். மேனேஜரு பாத்துட்டு, லெட்டர்ல ஆறாயிரம், பில்லு மூவாயிரத்துக்குத்தான் வருது, ஸ்டாக்கு மட்டும் ஏறிக்கினே போவுதேங்கறாரு. பார்ட்டிகிட்ட இன்னொரு லெட்டர் வாங்கிக் குடுத்தீங்கன்னா லிமிட்ட அப்படியே வெச்சிருப்பாராம். லேட்டாவுது, ஆனா எடுத்துக்குவேன்னு ரெண்டு வரி எழுதுங்க. போதும்."

ரெண்டு வரி. குமரவேல் பேனாவை எடுத்தார். எழுதிவிடலாம். எழுதினால் தவணை அறுபது நாளாகவே இருக்கும். காண்ட்ராக்டர்கள் காசு தரும்வரை மூச்சு விடலாம். அந்தம்மா இன்னும் தோல் வாங்குவார், இன்னும் தைப்பார், சுவர் கூரையைத் தொடும். இந்தச் சரக்கை வேறு யாருக்கும் விற்க முடியாது. ஒவ்வொரு மணிக்கட்டிலும் தன் கடைப் பெயர். அந்தப் புதுக் காண்ட்ராக்ட் நாளைக்கே வந்தாலும் வரலாம் என்று உள்ளேயிருந்து ஒரு குரல் சொன்னது. நாற்பது வருஷமாகக் கேட்டுப் பழகிய குரல். முதல் தடவையாக அது அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"இந்த லெட்டர நான் எழுத மாட்டேம்மா."

மாணிக்கம்மாள் நிமிர்ந்தார்.

"மூவாயிரத்துக்கு மேல எனக்கு ஆர்டரே இல்ல. ரெண்டு காண்ட்ராக்ட்டுல ஒண்ணு, நான் லெட்டர் எழுதறதுக்கு மின்னாடியே கை மாறிப்போச்சி. எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் எழுதுனேன்."

மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. யாருக்கும் கேட்டிருக்காது. ஆனாலும் குமரவேல் குரலைத் தணித்தார்.

"நீங்க வெட்டுவீங்கன்னு நெனச்சேன். எங்க பக்கம் அப்படித்தான் பேசுவோம்."

"ஏப்ரல்?" என்றார் மாணிக்கம்மாள்.

"அதுவும் சும்மா போட்டதுதான்."

"காண்ட்ராக்ட் வருஷம் முடியுதுன்னீங்க."

"நீங்க கேட்டீங்க. வாய்க்கு வந்துச்சி."

அவர் திட்டுவார் என்று குமரவேல் எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை, திட்டுக்குப் பதில் உண்டு, சமாதானம் உண்டு, கடைசியில் ஒரு டீ உண்டு. மாணிக்கம்மாள் கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றிச் சுருட்டினார். சுருட்டி மேசைமேல் வைத்தார்.

"இவங்களுக்கெல்லாம் எண்ணிக்க தெரியட்டும்னுதான் பலகையில எழுதிப் போட்டேன்," என்றார், அவரைப் பார்க்காமல். "மாசம் எவ்ளோ தெக்கணும்னு தெரிஞ்சா அவங்கவங்க வூட்டுச் செலவுக்குக் கணக்குப் போட்டுக்குவாங்கன்னு. போட்டுக்கினாங்க."

குமரவேல் அந்த வெள்ளைத் தாளிலேயே எழுதினார். மாதம் மூவாயிரம். ஏப்ரலும் மூவாயிரம். தைத்து வைத்திருக்கும் சரக்கு முழுவதையும் மூன்று தடவையாக எடுத்துக்கொள்வது, முதல் தடவைக்கு அன்றைக்கே காசோலை. தவணை பழையபடி முப்பது நாள். எழுதும்போது ஒரு எண்ணுக்கும் அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. உண்மைக்கு மேடு பள்ளம் போட வேண்டியதில்லை என்பது இவ்வளவு தாமதமாகத் தெரிய வந்ததில் அவருக்குப் பெருமை ஒன்றும் தோன்றவில்லை.

மாணிக்கம்மாள் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். "மேனேஜருக்கு இத நானேதான் கொண்டுபோயி குடுக்கணும்," என்றார். அவ்வளவுதான்.

சரக்கை எழுதிக் கொடுத்தபடியே எடுத்தார் குமரவேல். ஒரு பகுதியை லேபிளைப் பிரித்துக் கடலூரில் ஒரு வியாபாரிக்கு வாங்கிய விலைக்கும் கீழே தள்ளினார். அந்த வியாபாரி கேட்ட முதல் விலைக்கே குமரவேல் தலையாட்டியதைப் பார்த்து, இவருக்கு உடம்புக்கு என்ன என்று அந்த மனிதர் விசாரித்தாராம். பேங்க் அந்தம்மாவின் லிமிட்டைப் பழைய அளவுக்கே குறைத்துவிட்டது. பளபளத்த மெஷின்களில் ஒன்றை மாணிக்கம்மாள் நஷ்டத்துக்கு விற்றார் என்று சத்யா கேள்விப்பட்டு வந்து சொன்னாள். சொல்லிவிட்டு, தட்டச்சுப் பலகையைப் பார்த்துக்கொண்டே, "அந்தக் கடைசி வரிய நான்தான் சேக்கச் சொன்னேன் சார்," என்றாள். 

அன்புக்கரசி மகள் கல்யாணத்துக்குப் போகவில்லையா என்று மனைவி அம்சவல்லி கேட்டாள். கடையில் வேலை என்றார். மொய்க் கவரில் வழக்கத்தைவிடப் பெரிய தொகையை வைத்து வண்டிக்காரர் அய்யனாரிடம் கொடுத்தனுப்பினார். தொகை பெரிதாக இருந்ததும் ஒருவிதத்தில் தன் கடைவீதிப் புத்திதான் என்று பிறகு தோன்றியது.

ஜூலையில், யாரும் எதிர்பார்க்காதபோது, பேச்சிலேயே இருந்த அந்தக் காண்ட்ராக்ட் கைகூடியது. மாதம் ஐயாயிரம் ஜோடி. குமரவேல் எண்ணைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை, ஒர்க் ஆர்டரை ஜெராக்ஸ் எடுத்துக் கடிதத்தோடு வைத்து அனுப்பினார். தவணையைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. எட்டு மாசம் முன்பு எழுதியிருக்க வேண்டிய கடிதம் அது.

வந்த சரக்கு இரண்டாயிரத்தைந்நூறு.

போன் செய்தார். "என்னம்மா, பாதிதான் வந்திருக்குது? ஐயாயிரம்னு எழுதியிருந்தேனே."

"பாத்தேண்ணே. பாதியா வெட்டிக்கினேன்."

"ஒர்க் ஆர்டர் ஜெராக்ஸே வெச்சிருந்தனே."

"ஜெராக்ஸு நல்லாத்தான் இருந்துது," என்றார் மாணிக்கம்மாள். குத்தலே இல்லாத குரல். விலைப்பட்டியல் படிப்பதுபோலச் சொன்னார். "போன தடவ சீலும் நல்லாத்தான் இருந்துது. முழுசும் வேணும்னா சொல்லுங்க, தெச்சித் தரேன். பாதிப் பணம் மொதல்ல போட்டு வுட்டுடுங்க. தோலுக்கு ஆவும்."

கடையில் ஹெல்மெட் வாங்க வந்த ஒருவர் விலையைக் குறைக்கச் சொல்லிக் காத்திருந்தார். பாதி முன்பணம் கேட்டால் கால் என்பதும், கால் என்றால் பத்து நாள் கழித்து என்பதும் குமரவேலின் நாக்கு நுனியில் நாற்பது வருஷமாகக் குடியிருக்கும் பதில்கள்.

"சரிங்க," என்றார். "இன்னிக்கே போட்டுடறேன்."

"சரிங்கண்ணே," என்று அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. சாப்பிட்டீர்களா என்று அவர் கேட்கவில்லை.